1/x கொம்பு: கன அளவு π, பரப்பு முடிவிலி. எப்படி?

y = 1/x என்ற வளைகோட்டை x = 1-இலிருந்து வலப்பக்கம் முடிவில்லாமல் வரைந்துகொள்ளுங்கள். அதை x அச்சைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுழற்றினால் நீண்ட கொம்பு போன்ற ஒரு வடிவம் கிடைக்கும். அகன்ற வாயின் ஆரம் 1. வால் மெலிந்துகொண்டே போகும், ஆனால் எங்கேயும் முடியாது. இத்தாலியரான எவாஞ்செலிஸ்டா டாரிசெல்லி இதன் கன அளவு முடிவுள்ளது என்று 1644-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அப்போது தொகை நுண்கணிதம் இன்னும் உருவாகியிருக்கவில்லை. அதனால் நாமும் முதலில் தொகையிடல் இல்லாமலேயே பார்ப்போம். காரணம் அப்படித்தான் தெளிவாகத் தெரியும்.

படி 1: கொம்பைத் துண்டு போடுங்கள்

1 முதல் 2 வரை ஒரு துண்டு, 2 முதல் 4 வரை அடுத்தது, பிறகு 4 முதல் 8 வரை. இப்படி ஒவ்வொரு துண்டும் முந்தையதைப் போல இரு மடங்கு நீளம் இருக்கட்டும்.

முதல் துண்டின் நீளம் 1. அதில் ஆரம் எங்கேயும் 1-ஐத் தாண்டாது, 1/2-க்குக் கீழேயும் போகாது. ஆகவே ஆரம் 1 உள்ள உருளைக்குள் அது அடங்கிவிடும், கன அளவு π-க்கு மேல் போகாது. உள்ளே ஆரம் 1/2 உள்ள உருளை ஒன்றை வைக்கலாம். அதன் பக்கப் பரப்பு 2π × 1/2 × 1 = π. துண்டு அந்த உருளையைவிடப் பருமன், பக்கமும் சாய்ந்திருக்கிறது, எனவே அதன் பரப்பு π-க்குக் குறையாது.

படி 2: அடுத்த துண்டுக்குப் போங்கள்

2 முதல் 4 வரை நீளம் 2 ஆகிறது. ஆரமோ பாதியாகி, 1/2-க்கும் 1/4-க்கும் இடையில் நிற்கிறது. விஷயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

பரப்பில் ஆரம் ஒருமுறைதான் பெருக்கப்படும். நீளம் இரட்டிப்பு, ஆரம் பாதி, இரண்டும் ஈடாகிவிடுகின்றன: 2π × 1/4 × 2, மறுபடியும் π. கன அளவில் ஆரம் இருமுறை பெருக்கப்படும். அங்கே ஆரத்தால் கால் பங்காகி, நீளத்தால் இரட்டித்து, மொத்தத்தில் பாதியாகிறது: π × (1/2)² × 2 = π/2.

இதே கதைதான் எல்லாத் துண்டுகளுக்கும். கன அளவுகளின் உச்ச வரம்பு π + π/2 + π/4 + ..., கூட்டினால் 2π. பரப்புகளோ குறைந்தது π + π + π + ... எந்த எண்ணைச் சொன்னாலும், போதுமான துண்டுகளைச் சேர்த்து அதைத் தாண்டிவிடலாம்.

படி 3: இப்போது தொகையிடுங்கள்

1 முதல் b வரை உள்ள பகுதிக்கு:

```
V = π ∫ (1/x²) dx = π (1 − 1/b)
S = 2π ∫ (1/x) √(1 + 1/x⁴) dx > 2π ln b
```

b வளர வளர V சரியாக π-ஐ நெருங்குகிறது. S-இல் உள்ள வர்க்கமூலம் பக்கத்தின் சாய்வுக்காக வருவது. பலர் அதை விட்டுவிட்டு 2π ln b-ஐயே பரப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அது பரப்பு அல்ல, அதன் கீழ் வரம்பு. வர்க்கமூலம் எப்போதும் 1-ஐவிடப் பெரிது என்பதால், முடிவிலி என்று காட்ட அந்த வரம்பே போதும்.

கணிப்பானில் போட்டுப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. b = 1000 எனில் 2π ln b சுமார் 43.4, பத்து லட்சத்துக்குப் போனாலும் 86.8-தான். எங்கோ நின்றுவிடும் போலத் தோன்றும், ஆனால் b பத்து மடங்கு ஆகும்போதெல்லாம் ஏறக்குறைய 14.5 கூடிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் பெயிண்ட்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கொம்பை π கன அலகு பெயிண்டால் நிரப்ப முடிகிறது. நிரப்பினால் உட்சுவர் முழுக்க நனைந்துவிடுமே, பிறகு பரப்பு எப்படி முடிவிலி?

ஓர் அலகு 1 மீட்டர், பூச்சின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். வாயிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, x = 10,000-இல், கொம்பின் ஆரமே 0.1 மி.மீ.தான். அதற்கப்பால் அந்தத் தடிமனில் உள்ளே பூச இடமே இல்லை. அதுவரை உள்ள பரப்பு ஏறக்குறைய 58.6 சதுர மீட்டர், அதற்கு 6 லிட்டர் பெயிண்ட் போதும். கொம்பு கொள்வதோ சுமார் 3,142 லிட்டர். மிச்ச வாலில் பெயிண்ட், கொம்பின் ஆரத்தைவிடத் தடிமனாக இருக்க முடியாது. x கூடக் கூடப் படலம் மெலிந்துகொண்டே போகிறது, அதனால்தான் உள்ளே நிரப்பிய பெயிண்ட் போதுமானதாகிறது.

வெளிப்புறத்தில் இந்தத் தடை இல்லை. எங்கும் அதே 0.1 மி.மீ. பூச வேண்டும் என்றால் எத்தனை லிட்டர் இருந்தாலும் பற்றாது.