ஐம்பது நாள் உளுந்து: ஒரே ஒரு புள்ளி ரெக்ரஷன் கோட்டைச் சாய்த்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

யாங்கூன் பயின்னாங் சந்தையில் என் மாமாவுக்கு ஒரு பருப்புக் கிட்டங்கி இருக்கிறது. அங்கே கணக்கு பார்ப்பது நான்தான். புது உளுந்து வந்து இறங்கியதும் காயக் காய எடை குறையும். எத்தனை நாள் கிடந்தால் மூட்டைக்கு எத்தனை கிராம் போகும் என்று மாமா கேட்டார். எட்டு லாட்டின் எடைச் சீட்டுகளை எடுத்து ரெக்ரஷன் கோடு போட்டேன், நாளுக்கு 1.1 கிராம் என்று வந்தது. மாமா சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஒரு கிராமா? பத்து நாள்ல இருநூறு கிராம் போறதை நானே தராசுல பாத்திருக்கேன்டா!"

மாமா சொன்னதுதான் சரி. நான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோடு போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தரவு

எடை 50 கிலோ மூட்டைக்கு. கணக்குப் போட வசதியாக எண்களைக் கொஞ்சம் முழுசாக்கியிருக்கிறேன். கீழே உள்ள R நிரலில் `naal` என்பது கிட்டங்கியில் கிடந்த நாள், `kurai` என்பது குறைந்த கிராம்.

```r
d <- data.frame(
  naal  = c(5, 7, 8, 10, 11, 13, 16, 50),
  kurai = c(110, 140, 150, 200, 220, 260, 320, 200))
m <- lm(kurai ~ naal, d)
coef(m)
```

சாய்வு 1.11, வெட்டுத்துண்டு 183.3. அதாவது இறக்கின அன்றைக்கே 183 கிராம் காணாமல் போய்விடுகிறது, அப்புறம் நாளுக்கு ஒரு கிராம். இந்த வெட்டுத்துண்டைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் படி: படம் போடுங்கள்

`plot(d)` போதும். இடது மூலையில் ஏழு புள்ளிகள் ஏணி மாதிரி ஏறும். வலது ஓரத்தில் தனியாக ஒன்று நிற்கும். எட்டுப் புள்ளிதானே, எண்ணைப் பார்த்தாலே தெரியாதா என்று நான் இந்தப் படியைத் தாண்டிவிட்டேன். தெரியவில்லை.

இரண்டாம் படி: மிச்சத்தை நம்பாதீர்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உண்மையான எடைக் குறைவுக்கும் கோடு சொல்லும் குறைவுக்கும் உள்ள வித்தியாசம்தான் மிச்சம். கெட்ட புள்ளிக்கு மிச்சம் பெரிதாக இருக்கும் என்று நினைத்து `resid(m)` பார்த்தேன். 16 நாள் லாட்டுக்கு 119 கிராம், அதுதான் இருப்பதிலேயே பெரியது. 5 நாள் லாட்டுக்கு −79. ஐம்பது நாள் லாட்டுக்கு வெறும் −39. ஆக 16 நாள் லாட்டில்தான் எடை போட்டவன் தப்புப் பண்ணியிருக்கிறான் என்று அதைத் தூக்கிவிட்டு மறுபடி கோடு போட்டேன். சாய்வு 1.02 ஆனது. இன்னும் மோசம்! நல்ல சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு, வழக்கைக் கெடுத்தவனை உள்ளே உட்கார வைத்திருக்கிறேன்.

ஏன் இப்படி? குறைந்தபட்ச வர்க்க முறை மிச்சங்களை வர்க்கமாக்கிக் கூட்டுகிறது. தூரத்தில் இருக்கும் புள்ளியைக் கோடு பெரிதாகத் தவறவிட்டால் அந்த வர்க்கம் மலை போல ஏறும். அதைவிடக் கோட்டைத் திருப்பி அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டால் மொத்தம் குறையும். கூட்டத்தில் இருக்கும் ஏழு பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை என்று விட்டுவிடும். ஆகவே தூரப் புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன் மிச்சத்தைத் தானே சின்னதாக்கிக்கொள்கிறது.

மூன்றாம் படி: நெம்புத்திறன்

எந்தப் புள்ளிக்கு அப்படி இழுக்கும் வசதி இருக்கிறது என்று சொல்வதுதான் லீவரேஜ். தமிழில் நெம்புத்திறன் என்று வைத்துக்கொள்வோம். பாறையை நெம்பும்போது கோலின் நுனியைப் பிடித்தால் லேசாக நகர்கிறதல்லவா, அதே கதை. இங்கே கோலின் நீளம் என்பது நாள்களின் சராசரியிலிருந்து அந்தப் புள்ளி நிற்கும் தூரம்.

R பிடிக்காதவர்கள் கால்க்கிலோ எக்ஸெலிலோ போடலாம். நாள்கள் A2 முதல் A9 வரை இருந்தால், ஐம்பது நாள் வரிக்கு:

```
=1/8+(A9-AVERAGE(A$2:A$9))^2/DEVSQ(A$2:A$9)
```

கையால் போட்டால் சராசரி 15. 50 அதிலிருந்து 35 நாள் தள்ளி நிற்கிறது, அதன் வர்க்கம் 1225. எட்டு லாட்டுக்கும் இப்படி வரும் வர்க்கங்களைக் கூட்டினால் 1484. 1225-ஐ 1484-ஆல் வகுத்து, எட்டில் ஒன்றைச் சேர்த்தால் 0.95. மற்ற ஏழில் அதிகமே 0.19தான். நெம்புத்திறன் ஒன்றைத் தாண்டாது. ஒன்றாக இருந்தால் கோடு அந்தப் புள்ளி வழியாகவே போயாக வேண்டும். நம் லாட் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிட்டது. R-இல் இதெல்லாம் `hatvalues(m)` என்ற ஒரே வரி. வெட்டுத்துண்டு, சாய்வு என்று இரண்டு எண்ணைக் கண்டுபிடிக்கிறோம் என்பதால், எட்டுப் புள்ளிக்கு எட்டு நெம்புத்திறனையும் கூட்டினால் சரியாக 2 வரும். போட்டது சரியா என்று பார்க்க இதுதான் சுலபமான வழி. சராசரி 0.25, அதில் இரட்டிப்பான 0.5-ஐத் தாண்டினால் கவனி என்பது வழக்கமான அளவுகோல்.

மேலே உள்ள சூத்திரத்தில் கிராம் எங்கேயாவது வருகிறதா? வரவில்லை. நெம்புத்திறன் நாளை மட்டும் பார்க்கிறது. அந்த லாட் 986 கிராம் குறைந்திருந்தாலும் அதே 0.95தான் வரும், ஆனால் மற்ற ஏழும் போடும் கோட்டிலேயே அது விழுந்திருக்கும், ஒரு கெடுதலும் இல்லை. நெம்புத்திறன் இருப்பது வேறு, அதை வைத்துக் கோட்டைச் சாய்ப்பது வேறு. சாய்த்தால்தான் அது செல்வாக்குள்ள புள்ளி.

இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். ஐம்பது நாளை விட்டுவிட்டால் மீதி ஏழின் சராசரி நாள் 10. பத்து நாள் லாட்டில் 200-க்குப் பதில் 900 என்று தப்பாக எழுதிவிட்டாலும் சாய்வு அசையாது. கோடு மொத்தமாக 100 கிராம் மேலே போகும், அவ்வளவுதான். ஒருவர் நடுவில் நின்றுகொண்டு பலகையைச் சாய்க்க முடியாது.

நான்காம் படி: ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்

செல்வாக்கை அளக்கக் குக் தூரம் என்று ஒன்று உண்டு. டென்னிஸ் குக் 1977-இல் கொடுத்தது. `cooks.distance(m)` போட்டால் ஐம்பது நாள் லாட்டுக்கு 57 வரும். ஒன்றைத் தாண்டினாலே பெரிது என்பார்கள், 16 நாள் லாட்டுக்கு 0.23தான்.

ஆனால் 57 என்று மாமாவிடம் சொன்னால் "57 என்ன, கிலோவா?" என்பார். அதனால் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு லாட்டாக எடுத்துவிட்டுச் சாய்வைப் பார்ப்பது. விடை நாளுக்கு எத்தனை கிராம் என்றே வருகிறது.

```r
sapply(1:8, function(i)
  coef(lm(kurai ~ naal, d[-i, ]))[2])
```

முதல் ஏழில் எதை எடுத்தாலும் சாய்வு 0.45-க்கும் 1.21-க்கும் நடுவில்தான் இருக்கிறது. எட்டாவதை எடுத்தால் 19.64, வெட்டுத்துண்டு 3.6. பத்து நாளில் இருநூறு கிராம். மாமா தராசில் பார்த்ததே.

இந்தப் புதுக் கோடு ஐம்பதாம் நாளுக்கு 986 கிராம் என்கிறது, உண்மையில் போனது 200. இடைவெளி 786. பழைய மிச்சத்தை, ஒன்றிலிருந்து நெம்புத்திறனைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தாலும் இதே 786 கிடைக்கும், மறுபடி கோடு போட வேண்டியதில்லை. அதாவது −38.9-ஐ 0.0495-ஆல் வகுக்க வேண்டும். எந்தத் திருடன் எவ்வளவு ஒளித்து வைத்திருக்கிறான் என்பதை இந்த ஒரு வகுத்தல் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்போ தூக்கிப் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் சீட்டை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தேன், எழுத்துப் பிழை இல்லை. அந்த லாட் ஏப்ரல் நடுவில் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் இறங்கி, ஜூன் முதல் வாரம் வரை கிடந்தது. மே பிற்பாதியில் யாங்கூனில் மழை பிடித்துவிடும். சணல் சாக்கில் இருக்கும் உளுந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காய்ந்து போன எடையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். அதனால்தான் 200 கிராம். மழை இல்லாவிட்டாலும் ஓரளவு காய்ந்தபின் எடை குறைவது நின்றுவிடும், நாளுக்கு 20 கிராம் என்று முடிவில்லாமல் போகாது.

ஆகவே அந்தப் புள்ளி பொய் சொல்லவில்லை. நேர்கோடு என்பதுதான் அங்கே பொருந்தவில்லை. மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது: வெயில் காலத்தில், 5 முதல் 16 நாள் வரை, நாளுக்கு ஏறத்தாழ 20 கிராம், ஐம்பது நாள் கிடந்த ஒரு லாட்டை இதில் சேர்க்கவில்லை, அது மழையில் மாட்டியது. சேர்க்காததைச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு. 16-க்கும் 50-க்கும் நடுவில் என்னிடம் ஒரு எடையும் இல்லை, அந்த இடத்துக்கு என்னிடம் கோடும் இல்லை.

பின்சேர்க்கை

மோலமைனிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கள் கணக்கில் இரண்டு லாட் மழையில் கிடந்தன. நீங்கள் சொன்ன மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தேன், ஒன்றும் சிக்கவில்லையே?"

என் தரவில் அதே ஐம்பது நாள் லாட்டை இன்னொரு தடவை சேர்த்துப் பார்த்தேன். சாய்வு 0.64-க்கு இறங்கிவிட்டது, ஆனால் இரண்டின் குக் தூரமும் 57-லிருந்து 0.08-க்கு விழுந்துவிட்டது! நெம்புத்திறன் ஆளுக்கு 0.49. ஒன்றை எடுத்தாலும் மற்றது அங்கேயே நின்று கோட்டைப் பிடித்துக்கொள்கிறது, சாய்வு 1.11-க்கு மேல் வருவதில்லை. ஒருவனுக்கு ஒருவன் ஜாமீன். இதில் ஒவ்வொன்றாக எடுக்கும் வித்தை எதுவும் உதவாது, குக் தூரமும் அந்த வித்தைதான். நெம்புத்திறன் மட்டும் லேசாகக் காட்டிக்கொடுக்கும், ஒன்பது புள்ளிக்கு அளவுகோல் 0.44, அதை இரண்டும் தாண்டுகின்றன. அப்புறம் முதல் படியில் போட்ட படம். வலது ஓரத்தில் கூட்டாக நிற்பவற்றை மொத்தமாக எடுத்துவிட்டுக் கோடு போடுங்கள்:

```r
coef(lm(kurai ~ naal, d, subset = naal < 20))
```

அவரும் அப்படிப் போட்டுப் பார்த்தாராம். அவருக்குச் சாய்வு 17 வந்ததாம், அவர்கள் சாக்கு பிளாஸ்டிக்காம்.