பட்ஜெட் வட்டப்படத்தில் எட்டுப் பைசா எப்படிப் பதின்மூன்று சதவீதம் ஆகிறது?

பையன் பத்தாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சாப்பிட்டு முடித்த பிறகு, குடிமையியல் பயிற்சித்தாளைக் கொண்டுவந்து நீட்டினான். மத்திய பட்ஜெட்டின் வட்ட விளக்கப்படம், அதன் கீழே கேள்வி: “படத்தை உற்றுநோக்கி, அரசின் செலவில் எவற்றுக்கு முன்னுரிமை தரப்பட்டுள்ளது என விளக்குக. கல்வியைவிடப் பாதுகாப்புக்கு அதிகம் செலவிடப்படுகிறதா?”

“பெரிய துண்டு எதுன்னு பாத்து எழுதுடா, அஞ்சு நிமிஷ வேலை” என்று சொல்லிவிட்டேன். அவன் செய்தித்தாளை எடுத்துவந்து காட்டினான். “அப்பா, படத்துல பாதுகாப்பு 8 பைசா. பேப்பர்ல 13 சதவீதத்துக்கு மேலன்னு போட்டிருக்கான். எதை எழுதறது?” அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மணி நேரம் போனது. அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சதவீதக் கணக்கு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: நல்ல படத்தை எடுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் படம் வேண்டாம். நாணயம் போல, பணப்பை போல அலங்கரித்து டிவியில் காட்டுவதும் வேண்டாம். அவற்றில் அடிக்குறிப்பை வெட்டிவிடுவார்கள், நமக்கு வேண்டியதே அந்த அடிக்குறிப்புதான். indiabudget.gov.in தளத்தில் Budget at a Glance என்ற கோப்பு இருக்கும். அதில் இரண்டு வட்டங்கள். Rupee Comes From என்பது வரவு, Rupee Goes To என்பது செலவு. கேள்வி செலவைப் பற்றியது, ஆகவே இரண்டாவது வட்டம். என் பையனின் வகுப்பில் நாலைந்து பேர் வரவுப் படத்தில் இருக்கும் 24 பைசா கடனைப் பார்த்துவிட்டு, “அரசு கடனை அடைக்கவே அதிகம் செலவிடுகிறது” என்று எழுதியிருந்தார்களாம். அது வாங்கும் கடன். செலவுப் படத்தில் இருப்பது பழைய கடனுக்கான வட்டி மட்டும்.

2025-26 பட்ஜெட்டில் செலவு வட்டம் இப்படி இருந்தது. ஒரு ரூபாயில் மாநிலங்களுக்கான வரிப் பகிர்வு 22 பைசா, வட்டி 20, மத்திய அரசே முழுப் பணமும் போட்டு நடத்தும் மத்தியத் துறைத் திட்டங்கள் 16. அடுத்து நான்கு துண்டுகள் தலா 8 பைசா: பாதுகாப்பு, மாநிலங்களோடு செலவைப் பகிர்ந்து நடத்தும் மத்திய அரசின் நிதியுதவித் திட்டங்கள், நிதிக்குழு வழியாகவும் மற்ற வகையிலும் மாநிலங்களுக்குப் போவது, இதர செலவு. முக்கிய மானியங்கள் 6, ஓய்வூதியம் 4. இவை வருடத் தொடக்கத்தில் போட்ட மதிப்பீடு, செலவழித்து முடித்த கணக்கு இல்லை. விடையில் “ஒதுக்கப்பட்டுள்ளது” என்றே எழுதுங்கள், “செலவிட்டது” வேண்டாம்.

படி 2: ஒரு ரூபாய் என்பது எந்த ரூபாய்?

நான் மாட்டிக்கொண்ட இடம் இது.

அந்த ஆண்டு மத்திய அரசின் மொத்தச் செலவு எவ்வளவு என்று யாரைக் கேட்டாலும் சுமார் 50.65 லட்சம் கோடி என்பார்கள். வட்டிக்கு ஒதுக்கியது 12.76 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால் 25 சதவீதம் வருகிறது. படத்தில் 20தான் இருக்கிறது. கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் 25.

விஷயம் வட்டத்தின் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. மாநிலங்களின் வரிப் பங்கையும் சேர்த்துத்தான் இந்தப் படத்தில் மொத்தச் செலவு என்கிறார்கள். வருமான வரி, ஜிஎஸ்டி போன்றவற்றை மத்திய அரசு வசூலித்தாலும், அதில் ஒரு பங்கு அரசியலமைப்பின் 270-ஆவது பிரிவுப்படி மாநிலங்களுக்குச் சேர வேண்டியது. வழக்கமான பட்ஜெட் கணக்கில் இந்தப் பங்கை வரவிலேயே கழித்துவிடுவார்கள், அதனால் 50.65 லட்சம் கோடிக்குள் அது வராது. வட்டப்படத்தில் மட்டும் அதைத் திரும்பச் சேர்த்து, ஒரு துண்டாக வரைகிறார்கள். 2025-26-இல் அந்தப் பங்கு 14.22 லட்சம் கோடி.

```
50.65 + 14.22 = 64.87
12.76 / 64.87 = 0.197
14.22 / 64.87 = 0.219
```

0.197 என்பது 20 பைசா, 0.219 என்பது 22 பைசா. படத்தோடு பொருந்திவிட்டது. ஆக, வட்டத்தின் முழு ரூபாய் 64.87 லட்சம் கோடி. இதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிடிக்காமல், 8 பைசா என்பதை 50.65-ஆல் பெருக்கி ஒரு தொகை எழுதினால் அது தப்பாகத்தான் இருக்கும்.

உங்கள் கையில் வேறு ஆண்டின் படம் இருந்தாலும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். வட்டித் தொகையை மொத்தச் செலவால் வகுங்கள். படத்தில் உள்ளதைவிட விடை நாலைந்து புள்ளி கூடுதலாக வந்தால், மாநிலப் பங்கைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள்.

படி 3: துண்டின் பெயரை நம்பாதீர்கள்

இப்போது பாதுகாப்புக்கு வருவோம். 4.92 லட்சம் கோடியை 64.87-ஆல் வகுத்தால் 7.6 சதவீதம், படத்தில் 8 பைசா. சரி. செய்தித்தாளில் எப்படி 13-க்கு மேல் வந்தது?

அங்கே போட்டிருந்தது பாதுகாப்பு அமைச்சகத்தின் முழு ஒதுக்கீடு, 6.81 லட்சம் கோடி. ஓய்வு பெற்ற ராணுவத்தினருக்கான ஓய்வூதியம் 1.61 லட்சம் கோடியும், அமைச்சகத்தின் சிவில் செலவு 0.29 லட்சம் கோடியும் அதற்குள் அடக்கம். வட்டப்படத்தில் ராணுவ ஓய்வூதியம் “ஓய்வூதியம்” என்ற 4 பைசாத் துண்டுக்குள் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, செய்தித்தாள் வகுத்தது 50.65-ஆல். மேலே தொகை கூடியது, கீழே வகுக்கும் எண் குறைந்தது, 13.45 சதவீதம் வந்தது. இரண்டு கணக்கும் சரியானவைதான், அளந்தது வேறு வேறு. “படத்தின்படி 8 பைசா, இதில் ஓய்வூதியம் சேரவில்லை” என்று ஒரு வரி எழுதச் சொன்னேன் பையனிடம்.

கல்விக்கு இன்னும் மோசம், அந்தப் பெயரில் துண்டே கிடையாது! கல்வி அமைச்சகத்தின் ஒதுக்கீடு 1.29 லட்சம் கோடி வேறு வேறு துண்டுகளுக்குள் சிதறிக் கிடக்கிறது. பள்ளிகளுக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தின் 41,250 கோடி, நிதியுதவித் திட்டங்கள் என்ற 8 பைசாவுக்குள் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி 64.87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 பைசா.

அப்படியானால் “கல்விக்கு 2 பைசா, பாதுகாப்புக்கு 8 பைசா, ஆகவே கல்வி முக்கியமில்லை” என்று எழுதலாமா? கூடாது. ராணுவம் முழுக்க மத்திய அரசின் பொறுப்பு. கல்வி 1976-இல் பொதுப் பட்டியலுக்கு வந்தது. அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் பெரும்பாலும் மாநில பட்ஜெட்டில்தான் இருக்கிறது. பொது சுகாதாரமும் காவல்துறையும் மாநிலப் பட்டியல். மத்திய பட்ஜெட்டின் வட்டத்தில் இவை மெலிந்துதான் தெரியும்.

படி 4: முன்னுரிமை என்ற சொல்லுக்கு வாருங்கள்

பெரிய துண்டு என்றால் முன்னுரிமை என்று எழுதுவதுதான் எல்லோரும் செய்வது. என் கருத்தில் அது அரைகுறை விடை. வீட்டுக் கணக்கையே பாருங்கள். மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடனின் தவணை பெரிய துண்டாக இருக்கிறது என்பதற்காக, வங்கி மேல் எனக்குப் பாசம் என்றா அர்த்தம்?

ஆகவே துண்டுகளை இரண்டாகப் பிரியுங்கள். வரிப் பகிர்வு 22, வட்டி 20, ஓய்வூதியம் 4. இந்த 46 பைசா எந்த அரசு வந்தாலும் கொடுத்தே ஆக வேண்டியது. இந்த ஆண்டின் விருப்பத்தை இதில் தேட முடியாது. மிச்சம் 54 பைசாவில்தான் ஓரளவுக்காவது தேர்வு இருக்கிறது, அதில் பெரிய துண்டு மத்தியத் துறைத் திட்டங்களின் 16. மானியங்களின் 6 பைசாவில் பெரும்பகுதி உணவுக்கும் உரத்துக்கும் போகிறது.

பையன் கடைசியில் எழுதிய விடை:

“படத்தில் மிகப் பெரிய பங்குகள் மாநிலங்களின் வரிப் பகிர்வும் (22 பைசா) வட்டியும் (20 பைசா). இவை சட்டத்தாலும் பழைய கடனாலும் கட்டாயமானவை. அரசு தேர்ந்தெடுத்துச் செலவிடக்கூடியவற்றில் மத்தியத் துறைத் திட்டங்களுக்கு 16 பைசாவும், பாதுகாப்புக்கு ஓய்வூதியம் நீங்கலாக 8 பைசாவும், மானியங்களுக்கு 6 பைசாவும் ஒதுக்கப்பட்டுள்ளன. கல்வி தனியாகக் காட்டப்படவில்லை. மாநிலங்களும் கல்விக்குச் செலவிடுவதால், இப்படத்தை மட்டும் கொண்டு கல்வியையும் பாதுகாப்பையும் ஒப்பிட இயலாது.”

ஐந்து மதிப்பெண்ணுக்கு நாலரை. அரை மதிப்பெண் எழுத்துப்பிழைக்குப் போனது, அது அவன் பாடு.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகி கேட்டிருந்தார்: முந்தைய ஆண்டு வட்டி 19 பைசா, இப்போது 20, ஒரு பைசா கூடிவிட்டது என்று எழுதலாமா? எழுதலாம், கொஞ்சம் ஜாக்கிரதையாக. படத்தில் எல்லாம் முழு எண்ணாக்கியவை. 2024-25 ஜூலை பட்ஜெட்டின் தொகைகளைப் போட்டு வகுத்துப் பார்த்தேன், 19.2 வந்தது. 2025-26-க்கு 19.7. உண்மையில் கூடியது அரைப் பைசா, படத்தில் ஒரு பைசாவாகத் தெரிகிறது. ஒரு பைசா வித்தியாசத்தை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை 2: வரிப் பகிர்வு 22-உடன் நிதிக்குழுத் துண்டின் 8-ஐயும் கூட்டி “மாநிலங்களுக்கு 30 பைசா” எனலாமா என்று இன்னொருவர். எனலாம், எந்தெந்தத் துண்டைக் கூட்டினீர்கள் என்று சொல்லிவிட்டு. நிதியுதவித் திட்டங்களின் 8 பைசாவும் பெரும்பாலும் மாநிலங்கள் வழியாகத்தான் செலவாகிறது. ஆனால் அது எந்தத் திட்டத்துக்கு என்று மத்திய அரசே குறித்துக் கொடுக்கிற பணம். அதைக் கூட்டமாட்டேன்.

பின்சேர்க்கை 3: கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் 8 பைசாத் துண்டுகள் நான்கும் ஒரே சாம்பல் நிறத்தில் வருகின்றன என்று புகார். வண்ண அச்சுக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஒன்பது பெயர்களையும் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பைசாவுக்கு ஒரு கட்டம் வீதம் பட்டை வரையுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டே போதும்.