வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும்போது கஸ்டம்ஸில் நகையையும் டிவியையும் சொல்வது எப்படி

துபாயிலிருந்து திருச்சிக்கு வரும் ஒருவரை வைத்தே சொல்கிறேன். இரண்டரை வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறார். பெட்டியில் மனைவிக்கு மூன்று பவுன் செயின், ஒரு பவுன் தங்கக் காசு, தம்பிக்கு 82,000 ரூபாய்க்குப் புது போன், 28,000 ரூபாய்க்கு ஒரு டேப்லெட், அட்டைப்பெட்டியில் 30,000 ரூபாய் டிவி. அவர் கையிலிருக்கும் பழைய போனும் லேப்டாப்பும் கணக்கில் வராது, ஒருவருக்கு ஒரு லேப்டாப் வரியில்லாமல் விடுவார்கள்.

முதல் படி, கிளம்பும் முன்னாலேயே பொருளை மூன்றாகப் பிரியுங்கள்: நகை, நகையல்லாத தங்கம், மற்றவை. நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான், எல்லாவற்றையும் "தங்கம்" என்று ஒரே கணக்கில் போட்டுவிடுவார்கள்.

நகைக்கு, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவருக்குத்தான் சலுகை: பெண்ணுக்கு 40 கிராம், மற்றவர்களுக்கு 20 கிராம். 2026 பிப்ரவரியில் வந்த புது விதிகளில் பழைய ரூபாய் உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், எடை மட்டும்தான் கணக்கு. நம்மவர் ஆண், ஆக இரண்டரைப் பவுன் வரை சரி. செயின் 24 கிராம், 4 கிராம் கூடுதல். "மனைவிக்குத்தானே வாங்கினேன், அவளுக்கு 40 கிராம் உண்டே" என்று வாதாடாதீர்கள், சலுகை பயணம் செய்கிறவருக்கு, வீட்டில் காத்திருப்பவருக்கு இல்லை. குடும்பமாக வந்தாலும் ஒருவர் சலுகையை இன்னொருவர் சலுகையோடு கூட்ட முடியாது.

காசும் பிஸ்கட்டும் நகை இல்லை, அதற்கு இலவசமே கிடையாது, ஒரு பவுன் காசுக்கும் முழு வரி. ஆனால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்த இந்தியர், ஒரு கிலோ வரை தங்கத்தைக் குறைந்த வரிவிகிதத்தில் கொண்டுவரலாம், கல் வைக்காத நகையும் இதில் அடங்கும். அதனால் செயினின் கூடுதல் 4 கிராமும் காசும் இந்தக் கணக்கில் போகும். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் (2024 ஜூலையில் 6 சதவீதமாக இறக்கினார்கள்), கிளம்பும் வாரத்தில் பார்த்துவிடுங்கள். இந்த வரியை வெளிநாட்டுப் பணத்தில்தான் கட்டவேண்டும், ஆகவே கையிலிருக்கும் திர்ஹாமை எல்லாம் மாற்றித் தொலைக்காதீர்கள்.

இனி மற்றவை. போனும் டேப்லெட்டும் சேர்த்து 1,10,000 ரூபாய். புது விதிப்படி பொது விலக்கு 75,000, மீதி 35,000. அதற்கு 38.5 சதவீதம் என்றால் 13,475. டிவி மட்டும் தனி, தட்டைத் திரை டிவிக்கு விலக்கே இல்லை, முழு 30,000-க்கும் வரி, 11,550 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் துபாயில் மலிவு என்று தூக்கிவருவது எவ்வளவு வீண் என்று தெரியும்.

இரண்டாவது, பில். போனுக்கும் நகைக்கும் கடையில் எழுதிக் கொடுத்த பில்லைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்திருங்கள். அது இல்லையென்றால் அதிகாரி இணையத்தில் கிடைக்கும் விலையைப் பார்த்து மதிப்பு போடுவார், தள்ளுபடியில் வாங்கியது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். என் உறவுக்காரர் ஒருவர் பில்லைத் தூக்கிப்போட்டுவிட்டு அரைமணி நேரம் போராடினார், வேலைக்காகவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். நம்மவரைப் போல வரி கட்டவேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழியில் போங்கள். பச்சை வழியில் கால் வைப்பதே "என்னிடம் ஒன்றுமில்லை" என்று சொன்னதற்குச் சமம், ஸ்கேனரில் தெரிந்த பிறகு "சொல்லத்தான் வந்தேன் சார்" என்றால் எடுபடாது. பறிமுதல், அபராதம், பொருளை மீட்க மீட்புத் தொகை என்று போய்விடும். சரியாகச் சொன்னவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: வரி கட்டப் பணம் இல்லை, அல்லது கட்ட விருப்பமில்லை என்றால், சுங்கச் சட்டம் 80-வது பிரிவின்படி பொருளை அங்கேயே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, திரும்பப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். உண்மையாகச் சொல்லியிருந்தால்தான் இந்தப் பிரிவு பேசும்.

இங்கிருந்து போகும்போதே நகை அணிந்து போகிறவர்களுக்கு ஒரு வேலை: புறப்படும் நாளில் கொஞ்சம் முன்னதாகப் போய் கஸ்டம்ஸில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவையுங்கள். திரும்பும்போது "இது நம் ஊர் நகைதான்" என்று வாயால் சொல்வதற்குப் பதில் அதை நீட்டலாம்.

எவ்வளவு கட்டினாலும் ரசீது வாங்குங்கள், எடையும் மதிப்பும் அதில் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அதிகாரி எழுதிய உத்தரவு தவறு என்று நினைத்தால் அங்கே கத்தவேண்டாம், உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம், அப்போது கையில் இருக்கவேண்டியது அந்த ரசீதும் கடை பில்லும்தான்.