'வட்டி எவ்வளவுங்க?' என்று கேட்டால்: பெங்களூரு தமிழ் பிராசஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

ஓசூர் ரோடு பக்கம் போனில் பர்சனல் லோன் விற்கும் கால் சென்டரின் தமிழ் பிராசஸில் சேர்ந்திருக்கிறீர்களா? ஸ்கிரிப்டில் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்றுதான். கஸ்டமர் வட்டி கேட்பார். ஸ்கிரிப்டில் "வருடத்துக்கு 11 சதவீதம்" என்று இருக்கும். நம்ம ஊர்க்காரர் உடனே, "அப்போ ரூபாய் வட்டிக்கும் கம்மியா?" என்பார். அங்கே "ஆமா சார்" என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடலாம்.

முதலில், அந்த 11 ஃப்ளாட் ரேட்டா என்று டீம் லீடரான டிஎல்லிடம் கேளுங்கள். ஃப்ளாட் என்றால் அசல் மாதாமாதம் குறைந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கே வட்டி. 2 லட்சம், 3 வருடம், 11 சதவீதம் ஃப்ளாட்: வட்டி 66,000, இஎம்ஐ 7,389. உண்மை வட்டியை எக்செல்லில் பாருங்கள்:

```
=RATE(36,-7389,200000)*12
```

19.6 சதவீதம் வரும். அதாவது நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய்க்கும் மேல். பிராசசிங் ஃபீஸ் 2 சதவீதமும் அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்த்து 4,720 பிடித்தால் கையில் வருவது 1,95,280. சூத்திரத்தில் 200000க்குப் பதில் அதைப் போட்டால் 21.3. கட்டணமும் சேர்த்த இந்த வருட வட்டிதான் ஏபிஆர்.

அடுத்து, ஸ்கிரிப்டில் எதை மாற்றலாம் என்று, கால்களைக் கேட்டு மார்க் போடும் க்யூஏவிடம் தெரிந்துகொள்ளுங்கள். அறிமுகம், கால் ரெக்கார்ட் ஆகிறது என்ற வரி, கட்டண விவரம் இவற்றை எழுத்து மாறாமல் படிக்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் சொந்த வார்த்தைக்கு இடமிருக்கும். அங்கே இப்படிச் சொல்லுங்கள்:

"சார், 11ங்கறது ஃப்ளாட். மாசம் 7,389, 36 மாசம். மொத்தம் 2,66,000 கட்டுவீங்க. ஃபீஸ் போக கைக்கு 1,95,280 வரும். ரூபாய் வட்டி கணக்குல இது வராது சார், அதுக்கு மேல."

சொல்லிவிட்டு ஒரு நொடி பேசாமல் இருங்கள். உண்மையில் பணம் தேவைப்படுபவர் "இஎம்ஐ கட்டிடலாம்" என்று அவரே தொடருவார்.

மாதக் கடைசியில் டிஎல், "ரேட்டைப் பத்தி இழுக்காதீங்க, டாக்குமென்ட் வாங்குங்க" என்பார். அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. ஆனால் மறைத்து வாங்கிய லாகின், அதாவது லோன் விண்ணப்பம், நிற்காது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு ஏபிஆர் போட்ட கேஎஃப்எஸ் என்ற கடன் விவரத் தாளை, கஸ்டமருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 21.3ஐப் பார்த்ததும் அவர் கேன்சல் செய்வார். லோன் பணம் கஸ்டமருக்குப் போய்ச் சேரும் டிஸ்பர்சலை வைத்து இன்சென்டிவ் தரும் இடத்தில் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. கால் க்யூஏவிடம் போனால் ஃபேட்டல், அந்தக் காலுக்கு மார்க்கே பூஜ்யம். அந்தத் தாள் குறைந்தது 3 வேலை நாள் செல்லுபடியாகும் என்பதால், அதன்பின் "இன்னைக்கே சைன் பண்ணுங்க" என்று அவசரப்படுத்தவும் வழியில்லை.

கடைசியாக டிஸ்போசிஷன், அதாவது கால் எப்படி முடிந்தது என்று பதிவது. வேண்டாம் என்றவரை, எண்ணிக்கைக்காக 'கால்பேக்' என்று போடாதீர்கள். தானாக நம்பர் போடும் டயலர் அதே நம்பரை மறுநாள் இன்னொருவருக்குத் தரும், திட்டு அவருக்கு விழும். கஸ்டமரும் தொல்லை அழைப்புப் புகாருக்கான 1909இல் புகார் கொடுக்கலாம்.