பென்ஷன் கடன்: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

மன்னார்குடியில் எங்கள் தெரு வாத்தியார் போன ஆவணியில் ஒரு கடன் விண்ணப்பத்தோடு வந்தார். வயது 71, பென்ஷன் 24,000 ரூபாய். மகனின் சம்பா சாகுபடிக்கு மூன்று லட்சம் வேண்டும். வட்டி 12 சதவீதம், ஐந்து வருடம், மாதத் தவணை 6,673.

"தையில அறுத்ததும் மொத்தமா கொடுத்துடறேன்ங்கிறான்" என்றார். முதல் தவறு அங்கேதான். நெல் பணம் வருடத்துக்கு ஒரு தடவை வரும், பிடித்தமோ மாதாமாதம். பென்ஷன் கணக்கில் விழுந்ததும் வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்காது. பயிருக்குத்தான் பணம் என்றால் தொடக்க வேளாண்மை கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கிறது. கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. குத்தகை நிலத்துக்கு அடங்கல் வாங்குவது பெரும்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர்களுடையது சொந்த நிலம்.

இன்னொரு நிதி நிறுவனம் 'எட்டு சதவீதம்தான்' என்றதாம். அது பிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. ஐந்து வருடமும் முழு மூன்று லட்சத்துக்கே வட்டி, ஆக 1,20,000. வங்கியின் 12 சதவீதம் மீதி அசலுக்கு மட்டும் என்பதால் மொத்த வட்டி ஏறக்குறைய ஒரு லட்சம். எட்டு என்று சொன்னதுதான் அதிக விலை! சதவீதத்தை விட்டுவிட்டு, கடைசி வரை மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

வருடாந்திர உயிர்வாழ் சான்றை மறந்தால் பென்ஷன் நிற்கும். தவணை நிற்காது, அபராதமும் சேரும்.

அப்புறம் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஜாமீன்தாரர் இடத்தில் மாமியின் கையெழுத்துக்கு பென்சிலில் குறி போட்டிருந்தது. வாத்தியாருக்கு வருவது கடைசிச் சம்பளத்தில் பாதி. இந்த வயதில் அவருக்கு ஏதாவது ஆனால், மாமிக்குக் குடும்ப ஓய்வூதியமாக வருவது அந்தச் சம்பளத்தில் 30 சதவீதம். அதாவது 24,000 என்பது 14,400 ஆகிவிடும். ஜாமீன் போட்டிருந்தால் மிச்சக் கடன் மாமியின் தலையில். தவணை போனால் கையில் 7,727. மருந்து, கரண்டு பில், பால் எல்லாம் அதற்குள். கடனோடு காப்பீடு இருந்தால் கதை வேறு. ஆனால் அதன் பிரீமியத்தையும் கடனிலேயே சேர்த்துவிடுவார்கள், அதற்கும் வட்டி ஓடும். அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதைக் கூட்டிக் கழித்துக் காட்டினேன். வாத்தியார் பேசவில்லை. மாமிதான் கேட்டார்: "ஒரு லட்சம் மட்டும் வாங்கினா?"

மூன்று வருடத்துக்கு மாதம் 3,321. மாமியின் பென்ஷனிலேயே பிடித்தாலும் 11,000 மிஞ்சும். மீதிக்கு மகன் மறுநாள் சங்கத்துக்குப் போனான்.