வருமான வரி ஆவணப் பட்டியல்: ரசீதிலிருந்து தொடங்குவதுதான் முதல் தவறு

வரி ரிட்டர்னுக்குக் காகிதம் சேர்க்கச் சொன்னால், பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பது எல்ஐசி ரசீது, அடுத்தது பள்ளிக் கட்டண ரசீது. வருமானம் எவ்வளவு என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. பட்டியலைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் வருமானம், அதன் பிறகு கழிவு, கழிவு நிச்சயமான பிறகு ஆதாரம். ஏன் இந்த வரிசை என்பதை ஒரு கணக்கோடு பார்க்கலாம்.

கோவையில் வேலை பார்க்கும் ஒருவர் 2025 அக்டோபரில் நிறுவனம் மாறினார் என்று வைத்துக்கொள்வோம். பழைய இடத்தில் ஆறு மாதச் சம்பளம் 8,00,000 ரூபாய், புதிய இடத்தில் ஆறு மாதத்துக்கு அதே 8,00,000. வங்கி டெபாசிட் வட்டி 38,000, சேமிப்புக் கணக்கு வட்டி 6,000. சொந்த வீட்டில் குடியிருக்கிறார், வீட்டுக் கடன் ஓடுகிறது.

வருமானம்: ஒரு ஃபார்ம் 16-ஐ மட்டும் நம்புவது

சம்பளத்துக்கும் அதில் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்றிதழான ஃபார்ம் 16 இவரிடம் இரண்டு இருக்கும். புதிய நிறுவனம் கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, பழையதை மறந்துவிடுவதுதான் வேலை மாறியவர்கள் அதிகம் செய்யும் தவறு. இரண்டு நிறுவனங்களும் தாங்கள் கொடுத்த 8,00,000 ரூபாயை மட்டும் வைத்துக் கணக்கை முடித்தால், ஒவ்வொன்றும் தனித்தனியாக 75,000 ரூபாய் நிலையான கழிவைக் கழித்து 7,25,000 என்று காட்டும். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி கிடைப்பதால் இரண்டு இடத்திலும் பிடித்தம் பூஜ்யம். பார்ப்பவருக்கு வரியே இல்லை என்று தோன்றும்.

ஆனால் ஆண்டு முழுவதற்கும் நிலையான கழிவு ஒரு முறைதான். இரண்டு சம்பளமும் 16,00,000, அதில் 75,000 கழித்தால் 15,25,000. வட்டி 44,000 சேர்ந்தால் 15,69,000. புதிய வரிமுறையில் இதற்கு வரி 1,15,350, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் ஏறத்தாழ 1,19,960 ரூபாய். ஒரு பைசா பிடித்தம் இல்லாமல் ஆண்டு முடிந்திருந்தால் இந்தத் தொகை முழுவதையும் கையிலிருந்து கட்ட வேண்டும், முன்வரி கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளின்படி வட்டியும் சேரும். புதிய இடத்தில் சேர்ந்ததுமே ஃபார்ம் 12பி மூலம் பழைய சம்பள விவரத்தைக் கொடுத்திருந்தால் மாதாமாதம் பிடித்திருப்பார்கள்.

அதனால் வருமானப் பகுதியில், பணம் கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் பட்டியலில் ஒரு பதிவு ஒதுக்குங்கள். யார் கொடுத்தது, எவ்வளவு, டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தம் எவ்வளவு, அதற்கான காகிதம் எது என்ற நான்கும் அந்தப் பதிவில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் வருமான வரி இணையதளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் 26ஏஎஸ் படிவத்தையும் இறக்கி, பதிவுக்குப் பதிவு ஒப்பிடுங்கள். பிடித்தம் சரியாக வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை 26ஏஎஸ்-இல் பார்க்கலாம். நீங்கள் மறந்த வருமானம் ஏஐஎஸ்-இல் தலைகாட்டும்.

டெபாசிட் வட்டிதான் இங்கே நழுவும். 2025-26 முதல், மூத்த குடிமக்கள் அல்லாதவர்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள். நம் ஆளின் 38,000 ரூபாய்க்குப் பிடித்தம் இல்லை. பிடித்தம் இல்லை என்பதற்காக வரி இல்லை என்று ஆகாது. முதிர்வில் மொத்தமாகக் கிடைக்கும் டெபாசிட்டாக இருந்தால் பாஸ்புக்கில் அந்த வட்டி வராது, ஆனாலும் வங்கி ஆண்டுதோறும் சேர்ந்த வட்டியைத் துறைக்குத் தெரிவித்துவிடுகிறது. ஆகவே இந்தப் பதிவுக்குரிய காகிதம் பாஸ்புக் நகல் அல்ல, வங்கி தரும் வட்டிச் சான்றிதழ்.

ஏஐஎஸ்-ஐயும் அப்படியே வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. கூட்டுக் கணக்கின் வட்டி முழுவதும் முதல் பெயருக்காரர் மேல் ஏறியிருக்கலாம், ஒரே தொகை இரண்டு முறை பதிவாகியிருக்கலாம். தவறு இருந்தால் அந்தப் பதிவுக்கே கருத்துத் தெரிவிக்கும் வசதி உண்டு. தெரிவித்ததன் நகலையும் கோப்பில் வையுங்கள். மறுபக்கம், தனிநபர் ஒருவர் உங்களுக்குக் கொடுத்த வாடகை போன்றவை ஏஐஎஸ்-இல் வராமலே போகலாம். அதையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

கழிவு: எந்த வரிமுறை என்று பாராமல் ரசீது சேர்ப்பது

இவரிடம் காப்பீடு, பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்கான 80சி பிரிவுக்கு 1,50,000, வீட்டுக் கடன் வட்டிக்கு 2,00,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000 ரூபாய்க்கு ரசீதுகள் இருக்கின்றன. பழைய வரிமுறையில் நிலையான கழிவு 50,000, சேமிப்பு வட்டிக்கு 80டிடிஏ-வில் 6,000. எல்லாம் கழித்தாலும் வரிக்குரிய வருமானம் 12,13,000. அதற்கு வரியும் செஸ்ஸும் 1,83,456 ரூபாய். புதிய முறையைவிட அறுபதாயிரத்துக்கும் மேல் அதிகம்! அத்தனை ரசீதையும் தேடி எடுத்த உழைப்பு இந்த ஆண்டு ரிட்டர்னுக்குப் பயன்படாது.

வருமானப் பகுதி முடிந்தவுடன், தோராயத் தொகைகளை வைத்து இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை. புதிய முறைதான் லாபம் என்றால் பட்டியல் சுருங்கிவிடும். நிலையான கழிவு, நிறுவனம் உங்கள் பெயரில் என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் செலுத்திய பங்கு, வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டி ஆகியவைதான் சம்பளக்காரருக்கு முக்கியமாக மிஞ்சும். வீட்டு வாடகைப் படி பெரிதாக உள்ளவர்களுக்குப் பழைய முறை லாபமாக இருக்கலாம். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போதே பழைய முறையைத் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் கடைசித் தேதிக்குள் போட்டால் மட்டுமே. ஒரு நாள் தாமதமானாலும் புதிய முறைதான்.

ஆதாரம்: ஆதாரம் போலத் தோன்றுவதை வைப்பது

பழைய முறை என்று முடிவானவர்கள் இந்தப் பகுதியில்தான் நேரம் செலவிட வேண்டும். ரிட்டர்னோடு எந்தக் காகிதத்தையும் இணைப்பதில்லை என்பதால் பலர் இதை அலட்சியமாக விடுகிறார்கள். ஆனால் இப்போது ரிட்டர்ன் படிவமே காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், கடன் கணக்கு எண் போன்ற விவரங்களைக் கேட்கிறது. தொகையை மட்டும் குறித்து வைத்தவர் பாதியில் நின்றுவிடுவார். ஆதாரப் பதிவில் தொகை, செலுத்திய தேதி, எண் மூன்றும் வேண்டும்.

வீட்டுக் கடனில் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். டிசம்பரில் நிறுவனத்துக்குக் கொடுக்க வாங்கிய தற்காலிகச் சான்றிதழையே ஜூலையிலும் வைத்துக்கொள்வது ஒன்று. அதில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான தவணைகள் உத்தேசக் கணக்கு. பிப்ரவரியில் அசலில் ஒரு பகுதியை அடைத்திருந்தால் உண்மையான வட்டி குறைந்திருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு இறுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டாவது, ஒரே சான்றிதழ் பட்டியலில் இரு இடங்களுக்குப் போக வேண்டும்: வட்டி வீட்டுச் சொத்துத் தலைப்புக்கு, அசல் 80சி-க்கு. கணவன் மனைவி இருவரும் வீட்டு உரிமையாளர்களாகவும் கடன்தாரர்களாகவும் இருந்தால் சான்றிதழில் உள்ள முழுத் தொகையை இருவரும் எழுதக் கூடாது, அவரவர் பங்குதான்.

காப்பீட்டில் பிரீமியம் கட்டச் சொல்லி வரும் அறிவிப்பு ரசீது ஆகாது. 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31-க்குள் கட்டிய ரசீது வேண்டும். மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தைப் பணமாகக் கட்டியிருந்தால் 80டி கழிவு கிடையாது, ஆகவே வங்கிப் பரிமாற்றம் தெரியும் பக்கத்தையும் ரசீதோடு சேர்த்து வையுங்கள். பள்ளி ரசீதில் கல்விக் கட்டணம் என்ற தொகை மட்டுமே 80சி-க்குச் செல்லும். வளர்ச்சி நிதி, நன்கொடை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்த மொத்தத் தொகையை எழுதுவது தவறு.

வாடகைக்கு ரசீது மட்டும் போதாது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும், ஒப்பந்தமும் வங்கிப் பரிமாற்றமும் கூடவே இருக்கட்டும். பான் எண்ணை வாடகைக்குக் குடிவரும்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது, ஜூலையில் கேட்டால் பலரும் தயங்குவார்கள். இல்லாத வாடகையைக் காட்டினால், விவரத்தைத் தவறாகக் காட்டியதாகக் கருதி வரியின் 200 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

நம் கோவைக்காரரின் பட்டியலில் ஆதாரப் பகுதிக்குக் கடைசியாக ஒரு பதிவு சேரும். கட்ட வேண்டிய 1,19,960 ரூபாயையும் வட்டியையும் ரிட்டர்ன் போடுவதற்கு முன் செலுத்திய சலானின் எண், தேதி, வங்கிக் கிளையின் பிஎஸ்ஆர் குறியீடு. இந்த வரவு ரிட்டர்னில் பதிவாகாமல் போனால், கட்டிய வரிக்கே மறுபடியும் கேட்பு நோட்டீஸ் வரும். சலான் நகலைக் கோப்பில் வைத்து, ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பும் முடித்துவிட வேண்டும்.