ஐஇஎல்டிஎஸ் அன்று மருத்துவமனையில் சேர்ந்துவிட்டால்: வேறு தேதி கேட்டு மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

சனிக்கிழமை, 14.03.2026 அன்று காலை தேர்வு. விடியற்காலையில் வயிற்றுவலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனால் அப்பெண்டிக்ஸ் என்று சேர்த்துவிட்டார்கள். இந்த நிலையில் தேர்வு மையத்துக்கு என்ன எழுதுவது என்று பார்ப்போம்.

முதலில் நாள் கணக்கு. ஐஇஎல்டிஎஸ் விதிப்படி, தேர்வு நாளிலிருந்து 5 நாட்களுக்குள் மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வரட்டும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் கெடு போய்விடும். அட்மிஷன் சீட்டை மட்டும் வைத்து அன்றைக்கோ மறுநாளோ முதல் மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். சம்மரி வந்ததும் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பலாம், ஆனால் 19-ஆம் தேதிக்குள்.

அடுத்தது சான்று. சளி, லேசான காய்ச்சலுக்கெல்லாம் தேதி மாற்ற மாட்டார்கள். ‘ஓய்வு தேவை’ என்று மட்டும் எழுதிய சீட்டும் போதாது. என்ன நோய், எந்தத் தேதியில் சேர்ந்தார், மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், மருத்துவமனை முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். சான்றில் 14-ஆம் தேதி கட்டாயம் வர வேண்டும். 15-ஆம் தேதி போட்டுக் கொடுத்தால் திருத்தி வாங்குங்கள்.

பெயரையும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் செல்வம்’ என்றிருக்கும், மருத்துவமனையில் ‘எஸ். கார்த்திக்’ என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர் இனிஷியல் பழக்கம் மையத்துக்காரருக்குப் புரியும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இரண்டும் ஒருவரே என்று மின்னஞ்சலில் ஒரு வரி சேருங்கள்.

இனி மின்னஞ்சல். பதிவு செய்தபோது கொடுத்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். நீங்கள் படுத்திருந்தால் வீட்டார் எழுதலாம். எழுதுபவர் யார் என்று சொன்னால் போதும். கீழே உள்ளதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

பொருள்: தேர்வுத் தேதி மாற்றக் கோரிக்கை, 14.03.2026, மருத்துவ அவசரம், (பதிவு எண்)

ஐயா/அம்மா,
14.03.2026 அன்று காலை நான் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அன்று அதிகாலை அப்பெண்டிக்ஸ் காரணமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதால் வர இயலவில்லை. ஸ்பீக்கிங் தேர்வும் எழுதவில்லை. அட்மிஷன் சான்றை இணைத்துள்ளேன். டிஸ்சார்ஜ் சம்மரியை 19.03.2026-க்குள் அனுப்புகிறேன். தேர்வை வேறு தேதிக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல் 11 அல்லது 18 எனக்கு வசதிப்படும்.
(பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பாஸ்போர்ட் எண், கைப்பேசி எண்)

ஸ்பீக்கிங் தேர்வு வேறு நாளில் நடப்பதுண்டு. ஏற்கெனவே முடித்திருந்தால் அந்த வரியை மாற்றுங்கள். வலியை விவரிக்க நாலு பத்தி வேண்டாம், சான்றே பேசும். புதிய தேதி வேண்டுமா, பணம் திரும்ப வேண்டுமா என்பதில் ஒன்றை மட்டும் கேளுங்கள். இரண்டையும் கேட்டால் ‘எது வேண்டும்?’ என்று ஒரு பதில் வரும், அதிலேயே நாள் கழியும். நீங்கள் எழுதும் தேதிகள் மருத்துவர் சொன்ன ஓய்வு முடிந்த பிறகு வருவனவாகவும், மையத்தின் பட்டியலில் இடம் இருப்பவையாகவும் இருக்கட்டும்.

சான்றைப் போனில் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். முத்திரை மங்கலாகத் தெரிந்தால் மறுபடி எடுங்கள். அசலைப் பத்திரமாக வையுங்கள், மையம் கேட்கலாம்.